உத்திரமா, அஸ்தமா

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அம்மா சொல்வது ஒன்றுதான்: "கன்னி ராசி, உத்திரம் நட்சத்திரம்." பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் அதுதான், வேலை கிடைத்தபோதும் அதுதான். முப்பது வயதை நெருங்கும் நேரத்தில் ஒரு ஜோசியர், "இந்தப் பொண்ணு உத்திரம் இல்லம்மா, அஸ்தம்" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் மூன்று மாதம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று மாதத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிற யாருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன்.

அவரைத் தை மாதத்தில் சந்தித்தேன், திருவந்திபுரத்தில் நடந்த ஒரு தோழியின் கல்யாணத்தில். பெயர் எழுதப்போவதில்லை, 'அவர்' என்றே இருக்கட்டும். வீடு அரியாங்குப்பம், வேலை புதுச்சேரியில். நானும் கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய் வருகிறவள். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணம் என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. முதலில் தெரிந்துகொள்வோம் என்று இருந்தோம். வேலை முடிந்து கடற்கரைச் சாலையில் நடப்போம், இல்லையென்றால் பாரதி பூங்காவில் உட்காருவோம். ஏழரை மணிப் பேருந்துக்கு நான் கிளம்பிவிடுவேன்.

அந்த நடைகளில் அவரைப் பற்றிச் சில விஷயங்கள் தெரியவந்தன. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அதை நான் கேட்காமலே சொன்னார். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். எனக்குப் பிடிபடாமல் ஒன்று இருந்தது. கொஞ்சம் கனமான எந்தப் பேச்சை எடுத்தாலும், "பாத்துக்கலாம்" என்பார். எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பாத்துக்கலாம். உங்கள் அம்மா நம்மோடு இருப்பார்களா என்று கேட்டேன். அதற்கும் பாத்துக்கலாம். அந்தச் சொல் பொறுமையா, தட்டிக்கழிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

பங்குனியில் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் யாரோ எங்களைக் கடற்கரைச் சாலையில் பார்த்துவிட்டார். அன்றைக்கு இரவே விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் பயந்தபடி சத்தம் எதுவும் வரவில்லை. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"யாரு என்னன்னு நான் கேக்கல பாப்பா. ஜாதகத்த மட்டும் வாங்கிக் குடு. பொருந்தலன்னா இப்பவே விட்டுடலாம். மனசு ரொம்ப ஒட்டறதுக்குள்ள."

இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அதில் அக்கறை இருக்கிறது. ஒரு வருஷம் பழகி, கனவெல்லாம் கண்ட பிறகு "பொருத்தம் இல்லை" என்று வீட்டில் சுவர் எழும்பினால் வலி அதிகம். அதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்று ஒரு தாய் நினைப்பதில் தப்பில்லை. அம்மாவின் சித்தி மகளுக்கு அப்படி நடந்ததையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் நம் ஊரில் ஜாதகம் என்பது வெறும் தாள் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் கேட்டால் பெண் கொடுக்கத் தயார் என்று அர்த்தம். கொடுத்தால் எடுக்கத் தயார் என்று அர்த்தம். நான் அவரிடம் கேட்டபோது அவர் முகம் மாறியது. "எங்கம்மாகிட்ட ஜாதகம் கேட்டேன்னா, அவங்க மண்டபம் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்றார். அன்றைக்கு வரை நாங்கள் பேசாமல் வைத்திருந்த கேள்வியை ஜாதகம் எங்களுக்கு முன்னால் இழுத்துப் போட்டது. கடைசியில், அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன நேரத்தில் பீரோவிலிருந்து நோட்டை எடுத்து, நாலு பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். ஓரத்தில் மஞ்சள் தடவிய நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஊதா மையில் 'திருவோணம் 3ஆம் பாதம், மகர ராசி.'

அம்மா அந்தப் படங்களை அச்செடுத்து, என்னுடைய பிறந்த தேதியையும் நேரத்தையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, எங்கள் பக்கத்திலேயே ஒரு ஜோசியரிடம் போனார். அவர் இரண்டையும் கணினியில் போட்டார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: ரஜ்ஜு இல்லை, தினப் பொருத்தமும் இல்லை. ரஜ்ஜு தட்டினால் மற்ற எட்டும் இருந்தாலும் பிரயோசனமில்லை, இந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்றார்.

ரஜ்ஜு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரஜ்ஜு என்றால் கயிறு. 27 நட்சத்திரத்தையும் உடம்பின் ஐந்து இடங்களில் வைத்துப் பார்ப்பது இது. அசுவினியிலிருந்து விரல் விட்டு எண்ணினால் கணக்கு எளிது. அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை. அங்கிருந்து இறக்கம். திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம். ஒன்பது நட்சத்திரம் முடிந்ததும் மகத்தில் மறுபடி பாதத்திலிருந்து ஏறும், மூலத்தில் இன்னொரு முறை. பெண்ணும் பையனும் ஒரே இடத்தில் வந்தால் ரஜ்ஜு தட்டுகிறது என்பார்கள். இரண்டு பேரும் ஒரே ரஜ்ஜுவாக இருந்தாலும், ஒருவர் ஏற்றத்திலும் இன்னொருவர் இறக்கத்திலும் இருந்தால் சேர்க்கலாம் என்று சொல்லும் ஜோசியர்களும் உண்டு. அஸ்தமும் திருவோணமும் கழுத்து, இரண்டும் ஏற்றம். ஆக அந்தச் சலுகையும் எங்களுக்கு இல்லை.

கழுத்து ரஜ்ஜு தட்டினால் பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது என்பது ஜோசியத்தில் வழங்கும் பலன். கணவனுக்கு ஆகாது என்பது தலை ரஜ்ஜுவுக்குச் சொல்வது. எங்கள் ஆயா இரண்டையும் சேர்த்து, "கழுத்துன்னா தாலி நிக்காதுடி" என்று அழுதார். அம்மாவுக்குச் சரியான பலன் தெரியும். அதனால்தான் அவர் அழவில்லை. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, இருட்டில் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் செத்துப்போவேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் போய் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று நாம் சொல்கிறோம். பல வீடுகளில் பிடிவாதத்துக்கு அடியில் இருப்பது இந்த மாதிரிப் பயம்தான். என் நம்பிக்கையைக் கேட்டால், ரஜ்ஜு யாரையும் கொல்லும் என்று நான் நம்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு மூன்று நட்சத்திரம், மற்ற நாலு இடத்துக்கும் ஆறாறு. இதை வைத்துப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு ஜோடிக்கு ரஜ்ஜு தட்டும். ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட எத்தனையோ பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐந்தில் ஒரு வீட்டில் அந்தச் சாவு விழவில்லை. ஆனால் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அந்த அஞ்சுல ஒண்ணா நீ இருக்கணுமா" என்றுதான் கேட்டிருப்பார்.

எனக்கு உறுத்தியது வேறு. உத்திரம் எப்படி அஸ்தம் ஆனது?

தாத்தா எனக்கு எழுதி வைத்த ஜாதக நோட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆனி மாதம், வளர்பிறை அஷ்டமி, மாலை 4.10, உதயாதி நாழிகை 26, உத்திரம் 4ஆம் பாதம். கட்டத்துக்குக் கீழே, 'கர்ப்பச் செல் நீக்கி சூரிய மகா திசை இருப்பு 0 வருடம் 3 மாதம் 13 நாள்.' கம்ப்யூட்டர் தாளில் அதே தேதி, அதே 4.10, ஆனால் அஸ்தம் 1ஆம் பாதம், சந்திர திசை இருப்பு 9 வருடம் 4 மாதம். தாளின் மூலையில் சின்ன எழுத்தில் 'திருக்கணிதம்' என்று இருந்தது. நோட்டின் உள்ளட்டையில் தாத்தாவின் கையெழுத்தில் 'வாக்கியப்படி' என்று இருந்தது. இரண்டு ஜோசியரும் தப்புப் பண்ணவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வானத்தில் நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும். வாக்கியப் பஞ்சாங்கம் இதை 248 வாக்கியங்களில் அடக்கி வைத்திருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம், 248 நாள் ஆனதும் திரும்ப முதலிலிருந்து. நிலா பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அதே நிலைக்கு வர இருபத்தேழரை நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகிறது, அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். எழுதியவர் வரருசி என்பது மரபு. தொலைநோக்கி இல்லாத காலத்தில் இப்படி ஒரு கணக்கைச் சொற்களாக்கி மனப்பாடம் பண்ணி வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் சூரியன் இழுப்பதால் நிலாவின் ஓட்டத்தில் ஏற்படும் வித்தியாசம் இதில் முழுதாக வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வித்தியாசம் குறைவு. அஷ்டமியை ஒட்டி அதிகம், சில மணி நேரம் வரை போகும். திருக்கணிதம் நிலாவை வானத்தில் உண்மையாக இருக்கும் இடத்திலேயே வைத்துக் கணிப்பது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்த முறையில் பஞ்சாங்கம் போட வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஒருவர்.

நான் பிறந்தது அஷ்டமியில். திருக்கணிதப்படி அன்றைக்கு மதியம் 2.35க்கு உத்திரம் முடிந்துவிட்டது. வாக்கியப்படி 5.20 வரைக்கும் உத்திரம். நான் பிறந்த 4.10 நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் ஓடும். அதில் நட்ட நடுவில் பிறந்தவருக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தாலும் நட்சத்திரம் மாறாது. அவருடைய திருவோணம் மாறவில்லை. ஓரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். ஓரமா என்று தெரிந்துகொள்ள திசை இருப்பைப் பார்த்தால் போதும். உத்திரத்துக்குச் சூரிய திசை, மொத்தம் ஆறு வருஷம், அதில் எனக்கு மூன்றே மாதம் மிச்சம் என்றால் நட்சத்திரம் முடியப் போகிற நேரத்தில் பிறந்திருக்கிறேன். அஸ்தத்துக்குச் சந்திர திசை, பத்து வருஷம், அதில் ஒன்பது சொச்சம் மிச்சம் என்றால் நட்சத்திரம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. உங்கள் ஜாதகத்தில் பிறப்புத் திசையின் இருப்பு மிகக் குறைவாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ இருந்தால், பொருத்தம் பார்க்கும் முன் எந்தப் பஞ்சாங்கம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜோசியர்களே சொல்வது, இரண்டு பேர் ஜாதகத்தையும் ஒரே முறையில் கணித்த பிறகுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று.

அப்பாவிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "திருநள்ளாறு மாதிரியா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. 2023இல் திருக்கணிதப்படி ஜனவரி 17ஆம் தேதியே சனி கும்பத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20ஆம் தேதிதான் சனிப்பெயர்ச்சி நடந்தது. அப்பா அந்த டிசம்பரில் காரைக்கால் வழியாகப் போய்த் தரிசனம் பண்ணி வந்தவர். பதினோரு மாத வித்தியாசத்தை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "அப்ப உனக்கு எப்பவும் அர்ச்சனை பண்ற நட்சத்திரம்தான் உன் நட்சத்திரம்" என்றார். அது அவருடைய தீர்ப்பு. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் புதுச்சேரியில் ஒரு வயதான ஜோசியரைப் பார்க்கப் போனோம். வாக்கியம் மட்டும் பார்க்கிறவர். பழைய வருஷத்துப் பஞ்சாங்கங்களைக் கட்டுக்கட்டாக நூலால் கட்டி வைத்திருந்தார். என் பிறந்த வருஷத்துக் கட்டை அவிழ்த்து, விரலை வைத்து ஆனி மாதத்து வரியில் நிறுத்தி, "உத்திரம் 28 நாழிகை 55 வினாழிகை. நீ பொறந்தது 26. உத்திரம்தான்" என்றார். உத்திரம் வயிறு, திருவோணம் கழுத்து. ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு. பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் அஸ்தத்துக்குப் பத்தாவதாக வந்த திருவோணம் உத்திரத்துக்குப் பதினொன்றாவது. ஒன்பதால் வகுத்தால் மீதி இரண்டு, தினப் பொருத்தமும் வந்துவிட்டது. மகேந்திரம் போனது, வசியம் இல்லை, ராசி சுமார். மொத்தம் பத்தில் ஏழு. "தாராளமா பண்ணலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா வாசலில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் பண்ணினார். அம்மா அந்தப் பக்கம் அழுவது எனக்கே கேட்டது. பேருந்து நிலையம் வந்து சேர்வதற்குள் பெரியப்பா கூப்பிட்டுவிட்டார். மரப்பாலம் தாண்டுவதற்குள் ஆனியில் நிச்சயம், ஆடி போனதும் ஆவணியில் முகூர்த்தம், முடிந்தால் திருவந்திபுரத்திலேயே என்று பேச்சு போய்விட்டது. அப்பா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பேருந்து முருங்கப்பாக்கத்தைக் கடந்து அரியாங்குப்பத்தில் நின்றது. அவர் வீட்டுத் தெரு அந்த நிறுத்தத்திலிருந்து தெரியும். இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரஜ்ஜு தட்டியபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. அதை உடைக்க வேண்டும். ஒன்றரை மாதம் நான் நட்சத்திரத்தையும் நாழிகையையும் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அவரோடு நடந்த நாட்களில்கூட அதையேதான் பேசினோம். அவரைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்த எதுவும் அந்த ஒன்றரை மாதத்தில் தெரியவில்லை. கோயம்புத்தூர் கேள்வி அப்படியே இருந்தது. அவர் அம்மா கேள்வி அப்படியே இருந்தது. தடை வந்ததும் அதை எதிர்த்து நிற்பதே அவர் மேல் இருக்கும் உறுதி என்று நானே எண்ணிக்கொண்டேன். பெரியவர்கள் கேட்டது "ஜாதகம் பொருந்துகிறதா" என்று. நான் அதற்குப் பொருந்துகிறது என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். நிரூபித்தவளே பிறகு எப்படி வேண்டாம் என்பாள், பொறுங்கள் என்பாள்?

கிருமாம்பாக்கம் தாண்டியதும் சொன்னேன். "அப்பா, எனக்கு அவரக் கட்டிக்கணுமான்னு இன்னும் தெரியலப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கன்னியக்கோயில் போனது, ரெட்டிச்சாவடி போனது. பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தபோது, "அப்ப எதுக்கும்மா இவ்ளோ அலைஞ்ச?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"வேணாம்னு நாங்களே சொன்னா பரவால்ல. கட்டம் சொல்லி நாங்க விடக்கூடாதுன்னு அலைஞ்சேன். அதே மாதிரி கட்டம் சொல்லி நாங்க கட்டிக்கவும் கூடாது இல்லப்பா?"

மஞ்சக்குப்பத்தில் இறங்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "உங்கம்மாகிட்ட நான் பேசறேன். பெரியப்பாகிட்ட நீ பேசக்கூடாது, அதையும் நானே பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு நான் கேட்டது மூன்றே விஷயம். தை பிறக்கும்வரை வீட்டில் யாரும் தேதி என்ற பேச்சை எடுக்கக் கூடாது. மூன்றாவது ஜோசியரிடம் யாரும் போகக் கூடாது, ஏனென்றால் போனால் இன்னொரு பதில் வரும், அந்தப் பதிலோடு இன்னொரு பயமோ அவசரமோ வரும். அவர் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போன் பண்ணக் கூடாது, அந்தப் பக்கம் பேச வேண்டியது அவர். அம்மா முதல் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். மூன்றாவதுக்கு, "அந்தம்மா என்ன நினைப்பாங்க, பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த பேசலன்னு" என்று நெடுநேரம் வருத்தப்பட்டார். காலம் கேட்கும்போது முடிவு தேதி ஒன்றைச் சேர்த்துச் சொன்னது உதவியது. "கொஞ்ச நாள் போகட்டும்" என்றிருந்தால் அம்மா தினமும் காலையில் கேட்டிருப்பார். தை என்றதும் அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று எப்படியும் நடுவில் பல மாதம் முகூர்த்தம் இல்லாமல் போவதும் எனக்குச் சாதகம்.

அவருடைய பக்கம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. நோட்டு இடம் மாறியிருந்ததை அவர் அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். மஞ்சள் துணியின் முடிச்சு வேறு மாதிரி இருந்ததாம். கேட்டபோது அவர் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறார். இப்போது, பெண் இருக்கிறாள், பழகுகிறோம், இன்னும் முடிவு பண்ணவில்லை, அதுவரை பொறுங்கள் என்று அம்மாவிடம் அவர்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்தது அதே சொல்.

"பாத்துக்கலாம்."

அன்றைக்கு நான் அதை விடவில்லை. "எப்போ?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் நான் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. இருபதாம் நாள் காலை ஆறு மணிக்கு அழைத்தார். குரல் கம்மியிருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும், அவர் இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பதாகவும் சொன்னார். கோபம் வந்தால் பேசாமல் இருப்பது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதோடு, அவருக்கு ஒரு காரியத்தைச் செய்யப் பத்தொன்பது நாள் ஆகும், ஆனால் செய்வார் என்பதும் தெரிந்தது. அந்தப் பத்தொன்பது நாளோடு என்னால் வாழ்நாள் முழுக்க இருக்க முடியுமா என்பதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது புரட்டாசி. இன்னும் முடிவு எடுக்கவில்லை. தையில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. பெரியப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆயா கோயிலில் எனக்கு அர்ச்சனை பண்ணும்போது உத்திரம், அஸ்தம் இரண்டையும் சொல்கிறாராம், எதற்கும் இருக்கட்டும் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டார்: "கோயம்புத்தூருக்கு உனக்கு மாத்தல் வந்தா, அந்தப் புள்ள என்ன பண்ணுமாம்?"

அவர் சொன்னதைச் சொன்னேன். அம்மா ஒரு தண்டை ஒடித்து, நார் உரித்து, முறத்தில் போட்டார்.

"பாத்துக்கலாம்னா? என்னத்த பாக்கும்? சரியா கேளு" என்றார்.